சாமானை எண்ணியவர் யார்? பில்லுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்...

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பலின் பெயர் வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறி விவசாயிகளுக்கு மனப்பாடமாக இருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. அதற்குப் பதிலாக 99,000 மெட்ரிக் தொன் சேதன உரத்துக்குச் சீனாவின் சிங்தாவ் நகரத்துக் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதில் முதல் தொகுதியாகச் சுமார் 20,000 தொன்னை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்தான் அது. மாதிரிகளைப் பரிசோதித்த எமது தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை, அவற்றில் தீங்கு தரும் பக்டீரியா இருப்பதாகக் கூறியது. கம்பனி அதை மறுத்தது. எது எப்படியோ, உரம் இந்நாட்டில் இறக்கப்படவில்லை.

ஆனால் பணம் கொடுக்கப்பட்டது. முதலில் 2021 ஒக்டோபரில் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் மக்கள் வங்கி பணம் செலுத்துவதைத் தடுத்தது. அதனால் பணம் நின்றது. அம்மாத இறுதியில் சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை அந்தக் கம்பனிக்குப் போய்ச் சேர்ந்தது. இறங்காத சாமானுக்குப் பணமா என்று ஊரெல்லாம் கேட்டது. கேட்டவர்களில் பலர் வியாபாரிகள். அதே வியாபாரிகளில் எத்தனை பேர் தம் சொந்தக் கடையில் இறங்காத மூடைக்கு மாதா மாதம் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்திருப்பார்கள்?

கப்பல் விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய விடயம் முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. எல்.சி. என்று நாம் சொல்லும் நாணயக் கடிதத்தில் வங்கி பார்ப்பது பத்திரங்களை மட்டுமே. சாமானை அது பார்ப்பதில்லை. உலக வங்கிகள் 2007 முதல் பின்பற்றிவரும் யூ.சி.பி. 600 என்ற விதிக்கோவையின் 5ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. கப்பல் சிட்டை, பில், கேட்கப்பட்ட மற்றைய சான்றிதழ்கள் எல்லாம் எல்.சி.யில் உள்ளபடி சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுக்கக் கடமைப்பட்டது. துறைமுகத்தில் யார் எண்ணினார், எதைக் கண்டார் என்பது அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவர்கள், கப்பலில் ஏற்றுவதற்கு முன் தாம் நம்பும் மூன்றாந் தரப்பு ஒன்று பரிசோதித்துக் கொடுக்கும் சான்றிதழையும் எல்.சி.யின் பத்திரப் பட்டியலிலேயே எழுதி வைக்கிறார்கள். அப்படி எழுதாவிட்டால், சாமானைக் கண்ணால் பார்த்த ஒருவரின் சாட்சி இல்லாமலே பணம் போய்விடும்.

உள்ளூரில் கடன் கொள்வனவு செய்யும் நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கொழும்பிலிருந்து பதுளைக்குச் சாமான் வருகிறது. இறக்குகிறோம். பிறகுதான் பணம். அதாவது, இறங்கியதற்கு மட்டும் பணம் கொடுக்கும் வசதி நம் கையிலேயே இருக்கிறது. அந்த வசதியைப் பாவிக்கும் முறைக்குத்தான் கணக்காளர்கள் மும்முனைப் பொருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் கேட்டது என்ன என்று சொல்லும் ஓர்டர் ஒன்று. வந்தது என்ன என்று சொல்லும் சாமான் பெற்ற குறிப்பு ஒன்று. கம்பனிகளில் இதைத்தான் ஜீ.ஆர்.என். என்பார்கள். விற்றவர் கேட்கும் பணம் எவ்வளவு என்று சொல்லும் பில் ஒன்று. இந்த மூன்று கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்து, மூன்றும் ஒத்துப்போன தொகைக்கு மட்டும் காசோலை எழுதுவது. அவ்வளவுதான்.

இது எமது ஊருக்குப் புதிதல்ல. தோட்டங்களுக்குச் சாமான் விநியோகித்த பழைய கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பில்லில் தோட்டக் காரியாலயத்தின் ஓர்டர் இலக்கமும், அதோடு ஸ்டோர் பொறுப்பாளரின் கையெழுத்திட்ட சீட்டும் இல்லையென்றால் பில் திரும்பி வரும். துரையை எவ்வளவு தெரிந்திருந்தாலும் வரும். நம்மவர்கள் அதைத் தொல்லை என்று திட்டிக்கொண்டே சீட்டைத் தேடி ஓடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் தாம் வாங்கும்போது அந்த ஒழுங்கைக் கைவிட்டுவிட்டார்கள். விற்கும்போது மற்றவர் ஒழுங்குக்குக் கட்டுப்படுவதும், வாங்கும்போது கட்டுப்பாடின்றி இருப்பதும் நம் ஊர் வழக்கமாகிவிட்டது.

மூன்று கடதாசிகளில் ஓர்டரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் "நானா, வழமையானதை அனுப்புங்கள்" என்று சொல்வது ஓர்டர் அல்ல. விலை பேசாத ஓர்டரை எந்த பில்லோடும் பொருத்த முடியாது. தொலைபேசியில் பேசினாலும் பரவாயில்லை. பேசி முடித்தவுடன் பேசியதை ஓர்டர் கொப்பியில் இலக்கமிட்டு எழுதி, அதைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மறுபக்கத்திலிருந்து "சரி" என்று ஒரு சொல் வந்தால் போதும். அதில் மூன்று விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். விலை மூடைக்கா, கிலோவுக்கா? அது கொழும்புக் கடை விலையா, லொறிக் கூலியும் சேர்ந்த பதுளை இறக்கு விலையா? நிறைக் குறைவு எவ்வளவு வரை பொறுக்கப்படும்? பின்னால் வரும் சண்டைகளில் முக்கால்வாசி இந்த மூன்றிலிருந்துதான் முளைக்கின்றன.

இப்போது நடுவில் உள்ள கடதாசிக்கு வருவோம். என் அனுபவத்தில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பின்னேரம் ஏற்றும் லொறி, பலாங்கொடை, பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஏறி ஹாலிஎல தாண்டிப் பதுளைக்குள் வரும்போது சுபஹு நேரமாகியிருக்கும். சில நாளில் மழை. முதலாளி பள்ளியில் இருப்பார். சாரதிக்கு அடுத்த கடைக்குப் போகும் அவசரம். கடைப் பையன் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்கிறான். நாட்டாமிமார் இறக்குகிறார்கள். சாரதி பில்லை நீட்டி, "தம்பி, இதில் 60 மூடை பருப்பு, 40 மூடை சீனி, பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். பையன் பில்லைப் பார்க்கிறான். அறுபது என்று இருக்கிறது. அடுக்கைப் பார்க்கிறான். அறுபது போலத்தான் இருக்கிறது. கையெழுத்து விழுகிறது. பின்னர் பத்து மணிக்கு, கணக்கெழுதுபவர் கேட்டதற்காக, அதே பில்லைப் பார்த்து சாமான் பெற்ற குறிப்பும் எழுதப்படுகிறது.

இப்போது மூன்று கடதாசிகளும் இருக்கின்றன. மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் உண்மையில் இருப்பது இரண்டே கடதாசிகள்தான். மூன்றாவது, இரண்டாவதின் நகல். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பில் ஒருபோதும் பிழைக்காது.

இதற்குப் பரிகாரம் பெரிய கம்பனிகளில் கண்ணைக் கட்டி எண்ணுவது போன்ற ஒரு முறை. உண்மையில் கண்ணைக் கட்டுவதில்லை. சாமான் இறக்குபவரிடம் ஓர்டரின் ஒரு பிரதியைக் கொடுப்பார்கள். அதில் சாமான்களின் பெயர் மட்டும் இருக்கும். எண்ணிக்கை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். எண்ணியவர் தான் எண்ணியதையும் நிறுத்ததையும் அந்த வெறுமையில் எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் சாரதியின் பில்லை வாங்கிப் பார்ப்பார். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் சாரதியின் பிரதியிலும் அதை எழுதி, அங்கேயே சாரதியின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார். லொறி போன பின் எழுதும் குறைவுக்குப் பெறுமதி இல்லை. கொழும்புக் கடை "லொறியில் ஏற்றும்போது சரியாக இருந்தது" என்கும். லொறிக்காரர் "இறக்கும்போது சரியாக இருந்தது" என்பார். குறைந்த மூடை இருவருக்கும் நடுவில் காணாமற் போய்விடும்.

எல்லா மூடையையும் நிறுக்க நேரம் இல்லை என்பது உண்மை. அது தேவையும் இல்லை. தைத்த வாய் பிரிபடாத, தொழிற்சாலையிலேயே தைக்கப்பட்ட சீனி மூடையில் பத்துக்கு ஒன்றை நிறுத்தால் போதும். மீண்டும் தைத்த அடையாளம் உள்ளது, ஈரமானது, கிழிந்தது எல்லாவற்றையும் கட்டாயம் நிறுக்க வேண்டும். செத்தல் மிளகாய், கருவாடு, உள்ளி, வெங்காயம் போன்று ஈரத்தால் நிறை மாறும் சாமான்கள் முழுவதையும் நிறுக்க வேண்டும். வெறுஞ்சாக்கின் நிறையைக் கழிக்க மறக்கக் கூடாது. தராசு சமதரையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மலையூரில் கடை வாசல்கள் பெரும்பாலும் சரிவாகவே இருக்கின்றன.

உணவுப் பொருளை வாங்கியவர் அதைத் தன் கைவசப்படுத்தி அளந்துகொள்ளும் முன் விற்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த வியாபார விதி. மத்ரஸாவில் 'கப்ழ்' என்று நாம் படித்தது இதுதான். அவ்வாறே, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகரா சூராவின் 282ஆவது வசனம், குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதற்கு அதே வசனம் சலுகை தருகிறது. தவணைக்கு அது கிடையாது. நாம் கொழும்பிலிருந்து எடுப்பதோ முழுக்க முழுக்கத் தவணைக்கு.

ஒரு உதாரணக் கணக்கைச் செய்து பார்ப்போம். விளங்குவதற்காக வட்டமான விலைகளை வைத்துக்கொள்கிறேன். இவை இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதுளைக் கடையொன்றின் ஓர்டர் இப்படி: 25 கிலோ பருப்பு மூடை 60, கிலோ 280 ரூபா. 50 கிலோ சீனி மூடை 40, கிலோ 220 ரூபா. 25 கிலோ செத்தல் மிளகாய் மூடை 10, கிலோ 800 ரூபா. எல்லாம் பதுளை இறக்கு விலை. மிளகாய்க்கு நூற்றுக்கு ஒன்று வரை நிறைக் குறைவு பொறுக்கப்படும். ஓர்டரின் மொத்தம் 10,60,000 ரூபா.

இறக்கியவர் எழுதிய குறிப்பில் பருப்பு 58 மூடை நல்லவை. மற்றைய இரண்டு கிழிந்திருந்தன. ஒன்று 19 கிலோ, மற்றது 22 கிலோ. ஆக மொத்தப் பருப்பு 1,491 கிலோ. சீனி 40 மூடையும் சரி. மிளகாய் பத்து மூடையும் வந்தன. சாக்கைக் கழித்த நிறை 238 கிலோ.

இரண்டு நாள் கழித்து வந்த பில்லில் பருப்பு 1,500 கிலோ, கிலோ 285 ரூபாப்படி 4,27,500. சீனி 4,40,000. மிளகாய் 250 கிலோவுக்கு 2,00,000. கடைசி வரியில் லொறிக் கூலி 30,000. மொத்தம் 10,97,500 ரூபா.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். விலைக்கு ஓர்டரே ஆதாரம். ஆகவே பருப்பு 280தான். அந்த ஐந்து ரூபா மட்டும் 1,500 கிலோவுக்கு 7,500 ரூபா. அளவுக்கு சாமான் பெற்ற குறிப்பே ஆதாரம். பருப்பில் 9 கிலோ குறைவு 2,520 ரூபா. மிளகாயில் 12 கிலோ குறைவு. நூற்றுக்கு ஒன்று என்றால் இரண்டரைக் கிலோவைப் பொறுத்துக்கொள்ளலாம். இது கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து. எல்லையைத் தாண்டிய குறைவு முழுவதையும் கேட்பது வழக்கம் என்பதால், 12 கிலோவுக்கும் 9,600 ரூபா. லொறிக் கூலி ஓர்டரில் இல்லை. விலை இறக்கு விலை. ஆகவே 30,000 ரூபாவும் நிற்கிறது. எல்லாம் சேர்த்து 49,620 ரூபா. கொடுக்க வேண்டியது 10,47,880 ரூபா.

கொடுக்க வேண்டியதைவிட நூற்றுக்கு நாலரை ரூபாவுக்கு மேல் பில் கூடியிருக்கிறது. சீனியும் பருப்பும் விற்கும் மொத்தக் கடைக்கு நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். இந்த லொறியின் இலாபம் முழுவதும், அதற்கு மேலும் கொஞ்சமும், மூன்று கடதாசிகளுக்கு நடுவில் கிடந்தது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு வித்தியாசங்களுக்கும் காரணம் வேறு வேறு. விலை வித்தியாசம் பெரும்பாலும் கொழும்புக் கடையின் கணனியில் புதிய விலை ஏற்றப்பட்டதால் வருவது. கள்ளத்தனம் அல்ல. கிழிந்த மூடை லொறிக்காரரின் பொறுப்பாக இருக்கலாம். மிளகாய், ஏற்றும்போதே ஈரத்தோடு நிறுக்கப்பட்டு வழியில் காய்ந்திருக்கலாம். அல்லது ஏற்றும்போதே குறைந்திருக்கலாம். லொறிக் கூலி, பேச்சு விளங்காமையால் வந்தது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து "ஐம்பதாயிரம் கூடப் போட்டிருக்கிறீர்கள்" என்று சத்தம் போடுவதால் பயனில்லை. வரிக்கு வரி, காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். தொகையை நாமாகவே வெட்டிக் குறைத்துக் காசோலை எழுதுவதும் நல்லதல்ல. அவர்களுடைய கணக்கில் அது நிலுவையாகவே நிற்கும். ஆறு மாதம் கழித்து நம் பெயருக்குக் கடன் என்று வரும். கிரெடிட் நோட் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை பில்லோடு சேர்த்துக் குத்தி, மிகுதித் தொகைக்குக் காசோலை எழுதுவதே முறை. குறைவு 200, 300 ரூபாவாக இருந்தால் தொலைபேசிச் செலவே அதைவிடக் கூடும். அதற்காகத்தான் பொறுக்கும் எல்லையை முன்கூட்டியே எழுதச் சொன்னேன்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. புத்தகங்களில் பில் தபாலில் வரும், முப்பது நாளில் பணம் கொடுப்பீர்கள் என்று எழுதியிருக்கும். நம் ஊரிலோ சேல்ஸ் ரெப் சாமானோடு கூடவே வந்து, பின்திகதியிட்ட காசோலையை அப்போதே கேட்கிறார். இன்னும் மூடையை எண்ணவில்லை, காசோலை போய்விட்டது. பிறகு குறைவு கண்டுபிடித்தாலும் காசோலையை நிறுத்துவதா, திரும்பட்டும் என்று விடுவதா? இரண்டும் பெயரைக் கெடுக்கும். நான் பார்த்த வரையில் இதற்கு இரண்டு வழிகள் சரிப்பட்டு வருகின்றன. ஒன்று, எண்ணி முடியும் வரை ரெப்பை இருக்கச் சொல்லித் தேநீர் கொடுப்பது. சின்ன ஓர்டருக்கு இது போதும். மற்றது, இந்த முறை கொண்டுவந்த சாமானுக்கான காசோலையை அவர் அடுத்த முறை வரும்போது கொடுப்பதென்று பேசிக்கொள்வது. கம்பனிகள் முதலில் மறுக்கும். ஒழுங்காகக் கொடுப்பவர் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் சம்மதிக்கும்.

ஒரே ஓர்டர் இரண்டு மூன்று லொறியில் வருவது இன்னொரு பொறி. அறுபது மூடையில் முதலில் நாற்பது, அடுத்த வாரம் இருபது. ஆனால் பில் முதல் வாரமே அறுபதுக்கும் வந்துவிடும். ஓர்டரோடு பார்த்தால் சரி. குறிப்போடு பார்த்தால்தான் இருபது இன்னும் வரவில்லை என்பது தெரியும். ஒவ்வொரு லொறிக்கும் தனிக் குறிப்பு எழுதி, எல்லாவற்றிலும் ஒரே ஓர்டர் இலக்கத்தைப் போட்டு, ஓர்டர் கொப்பியில் மிகுதியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இது செய்யாத கடையில் ஒரே பில் இரண்டு முறை செலுத்தப்படுவதும் சாதாரணம். மூலப்பிரதி ஒரு முறை, வட்ஸ்அப்பில் வந்த படம் ஒரு முறை. பணம் கொடுத்தவுடன் மூன்று கடதாசிகளையும் ஒன்றாகக் குத்தி, மூன்றின் மேலும் படும்படி 'செலுத்தப்பட்டது' என்று முத்திரை வைத்து, காசோலை இலக்கத்தை எழுதிவிட்டால் அதே பில் மீண்டும் மேசைக்கு வர முடியாது. மூலப்பிரதி இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கணனியில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் கணனி பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கலாம். பார்த்துக்கொள்ளும்தான். ஆனால் பல மென்பொருள்களில் ஓர்டரைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினால், ஓர்டரில் உள்ள அளவுகள் அப்படியே பெற்ற குறிப்பில் வந்து நிறைந்துவிடும். பையனுக்கு வேலை மிச்சம். பழையபடி மூன்றாவது கடதாசி நகலாகிவிட்டது. இந்த முறை நகல் ஓர்டரினுடையது, அவ்வளவே வித்தியாசம்.

நகலா, எண்ணியதா என்பதை முதலாளி எப்படிக் கண்டுபிடிப்பது? கடந்த ஆறு மாதக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். ஒரு குறைவு, ஒரு கிழிசல், ஒரு அரைக் கிலோ வித்தியாசம் கூட இல்லாமல் எல்லாம் வட்டமாக இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். மலைப்பாதையில் வரும் லொறியில் அப்படி ஒரு ஆறு மாதம் இருக்க முடியாது. பில்லில் உள்ள எழுத்துப் பிழை குறிப்பிலும் இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

இதில் பணத்தை விடப் பெரிய விடயம் ஒன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வருட முடிவு இருப்பெடுப்பில் தொடர்ந்து மிளகாயும் பருப்பும் குறைந்தன. ஸ்டோரில் நின்றவன் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த பையன். எல்லோர் கண்ணும் அவன் மேல் விழுந்தது. அவனுடைய பையைக் கூடத் திறந்து பார்த்தார்கள். பிறகு அந்த முதலாளியின் மருமகன் வந்து, இறக்கும் சாமானை நிறுக்கத் தொடங்கினார். முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. குறைவு கடைக்குள் நடக்கவில்லை, லொறியிலேயே குறைந்துதான் வந்திருக்கிறது. அதுவரை வாசலில் எழுதாத குறைவெல்லாம் அந்தப் பையன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான்.

ஆட்பலம் பற்றியும் கேட்பார்கள். ஓர்டர் போடுபவர், எண்ணுபவர், காசோலை எழுதுபவர் மூவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று கணக்காய்வாளர்கள் சொல்வார்கள். முதலாளியும் ஒரு பையனும் மட்டும் உள்ள கடைக்கு அது நடக்கிற காரியமல்ல. குறைந்தது இரண்டாகப் பிரியுங்கள். ஓர்டரும் காசோலையும் முதலாளியிடம் இருக்கட்டும். எண்ணுவது பையனிடம் இருக்கட்டும். மகன் ஓர்டர் போட்டு, மகனே எண்ணி, மகனே பணமும் கொடுக்கும் கடையில் மூன்று கடதாசி இருந்தும் பயனில்லை. மகன் நல்ல பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அவன் பிழை விட்டால் அதைப் பார்க்க இன்னொரு கண் அங்கே இல்லை.

இந்த முறைக்கு எட்டாத இடங்களும் உண்டு. தரம் அதில் ஒன்று. அறுபது மூடையும் வந்து, நிறையும் சரியாக இருந்து, உள்ளே வண்டு இருந்தால் குறிப்பு அதைச் சொல்லாது. ஒரு மூடையைக் குத்தி எடுத்துப் பார்த்து 'பார்த்தேன்' என்று எழுதினால்தான் சொல்லும். ஓர்டரிலேயே விலை கூடுதலாகப் பேசப்பட்டிருந்தால் மூன்றும் அழகாகப் பொருந்தும். எண்ணுபவரும் சாரதியும் சேர்ந்துகொண்டாலும் பொருந்தும். கொத்தனார் வேலை, வாகனத் திருத்தம் போன்றவற்றில் எண்ணுவதற்கு மூடையே இல்லை. வேலை முடிந்தது என்று பொறுப்பானவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் அங்கே பெற்ற குறிப்பு.

எல்லாவற்றையும் விட ஆபத்தான ஓட்டை எதுவென்று உலகத்தின் மிகப் பெரிய இரண்டு கம்பனிகள் நமக்குக் காட்டித் தந்தன. 2013 முதல் 2015 வரை எவல்டாஸ் ரிமசௌஸ்காஸ் என்ற லித்துவேனிய நாட்டுக்காரர், கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் உபகரணங்கள் விற்கும் தாய்வான் கம்பனியான குவாண்டாவின் பெயரிலேயே லத்வியாவில் ஒரு கம்பனியைப் பதிவு செய்தார். பிறகு அந்தக் கம்பனியின் ஆட்கள் போல மின்னஞ்சல் அனுப்பி, போலிப் பத்திரங்களும் காட்டிப் பணம் கேட்டார். இரு கம்பனிகளும் சேர்ந்து 12 கோடி டொலருக்கு மேல் லத்வியாவிலும் சைப்பிரஸிலும் இருந்த அவருடைய கணக்குகளுக்கு அனுப்பின. 2019 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதித்தது.

அந்தக் கம்பனிகளில் கணக்காளர்களுக்குப் பஞ்சமா? இல்லை. அவர்கள் உண்மையான குவாண்டாவிடம் உண்மையாகவே சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கொடுக்க வேண்டிய கடனும் உண்மையாகவே இருந்தது. பொய்யாக இருந்தது, பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு இலக்கம். அதை ஓர்டரும் சொல்லாது, மூடையை எண்ணுபவரும் சொல்ல மாட்டார். பில்லில் மட்டுமே இருக்கும்.

இப்போது நம் ஊரிலும் காசோலை குறைந்து, கைத்தொலைபேசியிலேயே வங்கிக்கு வங்கி பணம் அனுப்புவது கூடிவிட்டது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்குப் போடுங்கள்" என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், அந்தச் செய்தி வந்த இலக்கத்துக்கே அழைத்து உறுதி செய்யாதீர்கள். உங்கள் பழைய ஓர்டர் கொப்பியில் எழுதி வைத்திருக்கும், நீங்கள் வருடக்கணக்காகப் பேசிவரும் இலக்கத்துக்கு அழைத்து, உங்களுக்குக் குரல் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அவர் ஆம் என்று சொன்ன திகதியையும் பெயரையும் புதிய கணக்கு இலக்கத்தின் பக்கத்திலேயே எழுதிவிட்டு, அதன் பிறகு அனுப்புங்கள்.